முப்பத்தொன்பதும் நாற்பதும்

எங்கள் பள்ளியில் அவளை ஸ்கேல் டீச்சர் என்பார்கள். அடிப்பாள் என்று நினைக்க வேண்டாம், யார் மேலும் கை வைத்ததில்லை. கோடு போடாத தாளில் அவளுக்கு எழுத வராது, அவ்வளவுதான். வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்தால் முதலில் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுப்பாள். வயது ஐம்பத்திரண்டு. கணக்குப் பாடம். பத்தாம் வகுப்பு ஆ பிரிவுக்கு வகுப்பாசிரியை.

எனக்கு அவளைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிரித்த முகமாக ஒருநாள் பார்த்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒரு பேனாவைக் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராவிட்டால் மூன்று நாள் கழித்துப் பெயர் சொல்லிக் கேட்பாள். ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை, ஏனென்றால் அந்த ஐந்து நாளும் நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நான் பள்ளியின் சிக் ரூமைப் பார்த்துக்கொள்பவள். எல்லோரும் நர்ஸம்மா என்கிறார்கள். நர்ஸ் இல்லை, நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூக்கி, துடைத்து, புரட்டிப்போட்டுவிட்டு இங்கே வந்தேன். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு கைகழுவும் தொட்டி, பக்க எண் அச்சடித்த ஒரு பதிவேடு. அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு விரல் பருமனில் பலகைத் தடுப்பு. அங்கே ஸ்டேப்ளர் அடித்தால் இங்கே கேட்கும்.

ஸ்கேல் டீச்சர் என்னிடம் முதன்முதலில் பேசியது அவளுடைய மாமியாருக்காக. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து நாலு வருடம் ஆகிறது. புருஷன் வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். "முதுகுல புண்ணு வராம எப்படிக்கா பாத்துக்கறது?" என்று கேட்டாள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டு, எந்தப் பக்கம் என்று எழுதி வை என்றேன். மறுநாள் வீட்டுக்குப் போனால் சுவரில் ஒரு அட்டை. நேரம், பக்கம், சாப்பாடு, தண்ணீர், மூத்திரம் என்று ஐந்து கலம். கலம் என்றால் மேலிருந்து கீழாக ஓடும் கட்டவரிசை. பகலில் பார்த்துக்கொள்ள வருகிற பெண் "இடது" என்பதைச் சாப்பாட்டுக் கட்டத்தில் எழுதியதற்காக அன்றைக்கு அவளிடம் அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாமியாருக்கு இன்றுவரை புண் வரவில்லை. மாமியார் மருமகளை மெச்சி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் அரை லிட்டர். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். ஊசி ஏற்றுகிற இடது கையில் பை மாட்டக்கூடாது, யாரும் பிடித்து இழுக்கக்கூடாது. அதை நான் வகுப்புக்கே போய்ச் சொல்லியிருந்தேன். டயாலிசிஸ் இல்லாத நாளில் அவள் விடுப்பு எடுத்ததே இல்லை. தலை சுற்றினால் என் கட்டிலில் ஒரு பாடவேளை படுப்பாள், எழுந்து போவாள்.

அதே வகுப்பில் இன்னொருத்தி, பெயர் காத்தாடி. நல்ல உடம்பு, நல்ல வாய். காலையில் சீருடை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவாள், பள்ளிக்கு வர மாட்டாள். பஸ் நிலையத்தில் பார்த்தேன், கடைத்தெருவில் பார்த்தேன் என்று ஆளுக்கொரு கதை வரும். அவள் எங்கள் ஹெட் கிளார்க்கின் அக்கா மகள். தகப்பன் இல்லாத பெண் என்பதால் மாமனுக்கு அவள்மேல் உயிர்.

ஒரு திங்கட்கிழமை காலை கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பட்டியல்கள் வந்தன. முதல் பட்டியல், கடைசி மூன்று மாதத்தில் வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனவர்கள். இவர்களுக்கு இறுதித் தேர்வு கிடையாது, துணைத் தேர்வுவரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது பட்டியல், இருபது நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு எடுத்தவர்கள். இவர்களுடைய சான்றிதழ்களைப் பள்ளி தயாராக வைத்திருக்க வேண்டும். பிழை இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்தி அனுப்பலாம், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

முதல் பட்டியலில் அரை லிட்டர் இருந்தாள். இரண்டாவதில் காத்தாடி இருந்தாள்.

வாயில்காப்பவர்கூடச் சிரித்தார். ஸ்கேல் டீச்சர் சிரிக்கவில்லை. தன்னுடைய வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள், என் மேசையில் ஒரு தாளை வைத்துக் கோடு போட்டாள்.

"வேலை நாள் அறுபத்தாறு. அரை லிட்டர் வந்தது நாப்பத்தொண்ணு. மருத்துவ விடுப்பு இருபத்தஞ்சு. சொல்லாம நின்னது பூஜ்யம். அவங்க போட்டிருக்கிறதைப் பாருங்கக்கா. மருத்துவம் பூஜ்யம், சொல்லாம நின்னது இருபத்தஞ்சு."

"இன்னொருத்தி?"

"காத்தாடி வந்தது முப்பத்தொம்போது. சொல்லாம நின்னது இருபத்தேழு, மருத்துவம் பூஜ்யம். அவங்ககிட்ட மருத்துவம் இருபத்தேழு."

மருத்துவ விடுப்பு நாட்களை வேலை நாளிலிருந்து கழித்துவிட்டுத்தான் சதவீதம் போடுவார்கள். ஆகவே கல்வி அலுவலகத்தின் கணக்கில் காத்தாடிக்கு நூறு சதவீதம். நோயாளிக்கு அறுபத்திரண்டு.

"ரெண்டு கட்டம் இடம் மாறியிருக்கு. மத்த பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள்தான், அதனால யாருக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு பதிவேட்டை மூடினாள்.

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். மீதியைப் பலகை வழியாகக் கேட்டேன்.

ஹெட் கிளார்க் கெட்டிக்காரர். இருபத்தாறு வருடம் அந்த நாற்காலி. அவருக்குத் தெரியாமல் பள்ளியில் ஒரு சாக்பீஸ் பெட்டி நகராது. அவர் அச்செடுத்த தாளை அவள் முன்னால் போட்டார்.

"படிங்க டீச்சர். தலைப்பு என்ன போட்டிருக்கு? 'அனுமதியின்றி வராத நாள்.' கீழ அந்தப் பொண்ணுக்கு என்ன? பூஜ்யம். அடுத்த தலைப்பு 'மருத்துவ விடுப்பு.' கீழ இருபத்தஞ்சு. எங்க தப்பு? என் தாள்ல தப்பு இல்ல."

"உங்க தாள்ல தப்பு இல்ல சார். வரிசைதான் தப்பு. அங்க இருக்கிற கம்ப்யூட்டர் தலைப்பைப் படிக்காது. முப்பத்தொம்போதாவது கட்டத்துல இருக்கிறதை மருத்துவம்னு எடுத்துக்கும், நாப்பதாவதை வராத நாள்னு எடுத்துக்கும். நீங்க மாத்திப் போட்டிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"போன் பண்ணிக் கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னால சுற்றறிக்கை அனுப்பியிருக்காங்களாம். உங்க அலமாரியில இருக்கும்."

"என் அலமாரியில என்ன இருக்குன்னு நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

வரிசை மாறிய விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் ஒரு குறை சொல்லியிருக்கிறார்: வந்த நாளும் வராத நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பார்க்க வசதி, நடுவில் மருத்துவ விடுப்பு வந்து நின்றுகொண்டு கண்ணை உறுத்துகிறது. பெரியவர் சொன்னாரே என்று ஹெட் கிளார்க் கணினியில் அந்தக் கலத்தைப் பிடித்து இழுத்து ஒரு இடம் தள்ளி வைத்துவிட்டார். அச்சில் வருவதும் கல்வி அலுவலகத்துக்குப் போகிற பைலும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறவை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். மொத்தம் நாற்பது கலம் இருக்கிறதா என்று மட்டும்தான் அங்கே சரிபார்ப்பார்கள். நாற்பது இருந்தது, பைல் உள்ளே போய்விட்டது.

வேண்டுமென்று செய்தார் என்று பின்னால் பலர் சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். ஹெட்மாஸ்டரின் கண்ணுக்காகச் செய்தார். திங்கட்கிழமை அந்த இரண்டாவது பட்டியலைப் பார்த்தபோதுதான் அக்கா மகள் தப்பித்த கதை அவருக்கே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு அவர் செய்ததைத்தான் நான் மன்னிக்கவில்லை.

மதிய இடைவேளையில் டீச்சர் கடிதம் எழுதினாள். என் மேசையில்தான். அடியில் கார்பன் வைத்து எழுதினாள். நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது:

"பெறுநர்: அலுவலகப் பணியாளர்கள். நகல்: தலைமையாசிரியர்.

பொருள்: மாதாந்திர வருகைப் பைலில் கலங்களின் வரிசை.

கல்வி அலுவலகத்தின் கணினி தலைப்புகளைப் படிப்பதில்லை. கலம் எத்தனையாவது என்று எண்ணி எடுத்துக்கொள்கிறது. எனவே கீழ்க்கண்ட வரிசையை எந்த மாதத்திலும், யார் வசதிக்காகவும் மாற்றக் கூடாது.

கலம் 1 வரிசை எண். கலம் 2 சேர்க்கை எண். கலம் 3 பெயர். கலம் 4 வகுப்பு. கலம் 5 பிரிவு. கலம் 6 முதல் 36 வரை தேதி 1 முதல் 31. கலம் 37 வேலை நாட்கள். கலம் 38 வந்த நாட்கள். கலம் 39 மருத்துவ விடுப்பு. கலம் 40 அனுமதியின்றி வராத நாட்கள். நாற்பதுக்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

முப்பது நாள் மாதத்திலும் 31ஆம் தேதியின் கலம் இருக்க வேண்டும். காலியாக இருக்கிறது என்று நீக்கினால் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும்.

சேர்க்கை எண் ஆறு இலக்கம். முன்பே சேர்ந்த மாணவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. பூஜ்யம் விழுந்தால் அது வேறு எண், அப்படி ஒரு மாணவர் இல்லை என்று வரும்.

பைல் தயாரான பின் அதைத் திறந்து பார்த்துச் சேமிக்க வேண்டாம். கணினியின் அட்டவணை மென்பொருள், எண்ணுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தானாகத் தின்றுவிடும். பார்க்க வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்து அதைப் பார்க்கவும்.

அச்செடுத்துப் பார்ப்பதற்குத் தலைமையாசிரியர் விரும்பும் வரிசையில் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் பைல் வேறு, பார்க்கும் தாள் வேறு.

கடந்த மூன்று மாதப் பைல்களையும் இந்த வரிசையில் திரும்ப எடுத்து வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் என் வகுப்பு மாணவி ஒருத்தி செய்யாத தவறுக்குத் தேர்வை இழப்பாள்."

அதை எடுத்துக்கொண்டு போனாள். ஹெட் கிளார்க் படித்தார். பிறகு டைப்பிஸ்ட் பெண் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, கட்டம் எண்ணத் தெரியாத கழுதைன்னு நமக்கு லெட்டர் வந்திருக்கு" என்றார்.

"நான் கழுதைன்னு எழுதல சார். வரவுப் பதிவுல ஏத்தி நம்பர் போட்டுக் கொடுங்க."

"வெளியிலிருந்து வர்ற தபாலுக்குத்தான் வரவு நம்பர். உள்ள இருக்கிறவங்க ஆளாளுக்கு எழுதற சீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டா என் புஸ்தகம் தாங்காது."

"சரி சார்" என்றாள். அவள் சரி என்று சொன்னால் பயப்பட வேண்டும், அது அவருக்குத் தெரியவில்லை. சாலையைக் கடந்து எதிரே இருந்த தபால் நிலையத்துக்குப் போனாள். பத்தடி தூரத்தில் இருக்கிற அறைக்கு அந்தக் கடிதத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அடுத்த பாடவேளைக்கு மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அரை லிட்டர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுடைய அம்மா தையல்கடையில் வேலை செய்பவள். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அலுவலக வாசலில் நின்றாள். "டீச்சர்கிட்ட கேளுங்க, வருகை போடறது அவங்கதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாம்னு சொல்றாங்கம்மா. அடுத்த வருஷம் அவ உடம்பு எப்படி இருக்கும்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறாரு. இந்தப் பரீட்சைக்காகத்தான் அவ ஊசிக்கே கை நீட்டறா."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தண்ணீர் கொடுத்தேன். சான்றிதழ்கள் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் இருபத்தைந்தும் வைத்திருந்தாள். பத்திரமாக வை, வெள்ளிக்கிழமை வரை யாரிடமும் அசலைக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார், அனுப்பினவங்க முகவரியும் இதே கட்டிடம். என்ன, கோபமா? கையெழுத்துப் போடுங்க."

போடாமல் இருக்க முடியாது. வெளியிலிருந்து வந்த தபால். ஹெட் கிளார்க் வாயால் சொன்ன விதிப்படியே வரவுப் பதிவில் ஏறியது, எண் விழுந்தது. டைப்பிஸ்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குப் பலகை வழியாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

அன்று மாலை பள்ளி விட்ட பிறகு அவர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"நர்ஸம்மா, உங்க பதிவேட்டுல நடுவுல இடம் இருக்குமே."

"இடம் எதுக்கு?"

"எங்க அக்கா பொண்ணுக்கு அப்பப்ப வயித்துவலி. இங்க வந்து படுத்திருக்கா, நீங்க எழுத மறந்திருப்பீங்க. ஒரு பதினாலு பதினஞ்சு நாள் எழுதிக் கொடுங்க. சான்றிதழ் நான் வாங்கிக்கறேன். அந்தம்மா ஆயிரம் லெட்டர் எழுதட்டும், வயித்துவலின்னா வயித்துவலிதான்."

"உங்க அக்கா பொண்ணு இந்த ரூம் பக்கமே வந்ததில்ல. வந்திருந்தா இங்கேயாவது இருந்திருப்பா."

"வயசான காலத்துல எதுக்கும்மா வம்பு? உங்க வேலை வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. அந்தப் பைல் என் மேசை வழியாத்தான் போகணும்."

"போகட்டும். என் பதிவேட்டுல பக்க எண் அச்சடிச்சிருக்கு, வரிக்கு வரி தேதி இருக்கு. மூணு மாசத்துக்கு முன்னால நான் இன்னொரு வரி சொருகணும்னா இன்னொரு பதிவேடு வாங்கணும். வாங்கற செலவை யார் பேர்ல எழுதுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முப்பது வருடம் படுக்கையில் கிடக்கிறவர்களிடம் திட்டு வாங்கினவள் நான். எழுந்து நடக்கிற ஆள் திட்டினால் எனக்கு ஒன்றும் ஆகாது. கதவைத் திறந்து வைத்தேன், போனார்.

வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் இருவரையும் கூப்பிட்டார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் ஐந்து மாதம். யாரும் யாரையும் பார்த்துக் குரல் உயர்த்தக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. அவருடைய அறையில் இடமில்லாமல் அலுவலகத்திலேயே பேசினார்கள்.

"ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்களேன்" என்றார்.

"இது பேசற விஷயம் இல்ல சார். எண்ணற விஷயம்" என்றாள் டீச்சர்.

ஹெட் கிளார்க் அப்போதுதான் வெடித்தார். "எண்ணறதுல இவங்க கெட்டிக்காரங்க சார். என் அக்கா பொண்ணு இருபத்தேழு நாள் வரல, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்திருக்காங்க. வீட்டுக்கு ஒரு தகவல் உண்டா? அப்பன் இல்லாத பொண்ணு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருக்க மாட்டோமா? வகுப்பாசிரியைன்னு எதுக்கு இருக்கீங்க?"

பிறகு தாள் புரட்டுகிற ஒலி. அவளுடைய கார்பன் நகல்கள் அடங்கிய கோப்பு அது.

"ஏழாம் நாள் ஒண்ணு, பதிமூணாம் நாள் ஒண்ணு, இருபதாம் நாள் ஒண்ணு. மூணு தடவை பெற்றோருக்கு அறிவிப்பு எழுதி ஆபீசுல கொடுத்தேன். தபால்ல போடறது உங்க வேலை. வாங்கிக்கிட்டதுக்கு உங்க கையெழுத்து இருக்கு சார்."

டைப்பிஸ்ட் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "சார்தான், அக்கா கையிலேயே கொடுத்துடறேன்னு எடுத்துட்டுப் போனாரு."

கொடுக்கவில்லை. அக்கா அழுவாள் என்று கொடுக்காமல் விட்டிருக்கிறார். அந்த மூன்று உறைகளும் அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில் கிடந்தது பிறகு தெரிந்தது. அந்த ஆளிடம் கெட்ட எண்ணம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மறுப்பில்லை. படுக்கைப்புண்ணும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, புரட்டாமல் விடுவதால் வருகிறது.

"நாளைக்கே சரி பண்ணி அனுப்பிடுங்க" என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டு எழுந்துபோனார். தன்னுடைய கண் வசதிக்காகத்தான் கலம் நகர்ந்தது என்பதை அவர் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெட் கிளார்க் வரவில்லை. தலைவலி என்று சீட்டு அனுப்பியிருந்தார். வேலை டைப்பிஸ்ட் பெண் தலையில் விழுந்தது. மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் உட்கார்ந்தாள். கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கலமாக விரல் வைத்து எண்ணினாள். மூன்று மாதப் பைலையும் எடுத்தாள். மணி மூன்று நாற்பதுக்கு அனுப்பினாள். நாலு மணிக்குத் திரும்பி வந்துவிட்டது.

டீச்சருக்கு அப்போதுதான் கடைசி வகுப்பு முடிந்தது. அலுவலகத்துக்குள் நுழையும்போதே "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"இருநூத்திப் பதினாலு பேரோட சேர்க்கை எண் இல்லைன்னு வருது டீச்சர். அரை லிட்டரும் அதுல இருக்கா. நான் வரிசையைச் சரியாத்தான் வெச்சேன். சத்தியமா."

"பைலைத் திறந்தியா?"

"அனுப்பறதுக்கு முன்னால சரியா இருக்கான்னு பாத்தேன்."

"பாத்துட்டு?"

"மூடும்போது சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னு கொடுத்தேன். அது கேட்டா கொடுக்காம என்ன பண்றது?"

"கடைசிப் பக்கத்தைப் படிச்சியா?"

"நாப்பது கட்டம் வரைக்கும் படிச்சேன் டீச்சர். அதுக்கப்புறம் திட்டு எழுதியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கு வரவில்லை. ஆனால் அவள் திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மூணையும் அழி. புதுசா எடு. இந்தத் தடவை திறக்காதே. எனக்கும் பாக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் பாக்க வேண்டாம்."

நான் என் அறையைப் பூட்டிவிட்டு அலுவலக வாசலில் போய் நின்றேன். அரை லிட்டரின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். மகள் இன்னும் மெஷினில் இருக்கிறாள், ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை.

முதல் மாதம் நாலு இருபதுக்குப் போனது. இரண்டாவது நாலு முப்பத்திரண்டுக்கு. மூன்றாவதைப் போடும்போது இணைப்பு விட்டுப்போய், திரும்ப வந்து, நாலு ஐம்பத்தொன்றுக்குப் போனது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மூன்று ரசீது வந்தது. டீச்சர் அவற்றை அச்செடுக்கச் சொன்னாள். திருத்திய பட்டியலில் இரண்டு பெயரைத் தேடி ஸ்கேலை அடியில் வைத்துப் படித்தாள். ஒன்று, மருத்துவம் இருபத்தைந்து, நூறு சதவீதம். இன்னொன்று, வராத நாள் இருபத்தேழு, ஐம்பத்தொன்பது.

"ரெண்டும் என் பிள்ளைங்கதான்" என்று சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், மாமியாரைப் புரட்டுகிற நேரம்.

அன்று மாலை ஹெட் கிளார்க்கின் அக்கா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாளாம். பகலில் பார்த்துக்கொள்கிற பெண் எனக்குச் சொன்னாள். "எங்க குடும்பத்து வாயில மண்ணப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா" என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறாள். டீச்சர் கதவைத் திறந்து அந்த மூன்று அறிவிப்புகளின் நகலை நீட்டியிருக்கிறாள். "இது உங்களுக்கு வரவேண்டியது. ஏன் வரலைன்னு உங்க தம்பியைக் கேளுங்க." அக்காக்காரி அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனாள். கேட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு தம்பிக்கு அவள் மதியச் சாப்பாட்டு டப்பா கொடுத்தனுப்புவது நின்றுபோயிற்று. காத்தாடி துணைத் தேர்வு எழுதினாள். தேர்வுக்கு முன்னால் இரண்டு மாதம் தினம் மாலை ஸ்கேல் டீச்சரிடம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே போட்டார்கள்.

திங்கட்கிழமை அரை லிட்டரின் அம்மா பள்ளிக்கு வந்தாள். டீச்சரின் கையைப் பிடிக்கப் போனாள். டீச்சர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? பைலை அனுப்பினது ஆபீசு. போய் அங்க சொல்லுங்க."

அந்த அம்மாள் சூதுவாது தெரியாதவள். நேரே போய் ஹெட் கிளார்க் முன்னால் நின்று, "சார், நீங்க நல்லா இருக்கணும், உங்க பிள்ளைகுட்டிங்க நல்லா இருக்கணும், என் பொண்ணுக்குப் பரீட்சை வாங்கிக் கொடுத்தீங்க" என்று கண்ணீரோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் எழுந்து நின்று கைகூப்பி, "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்று சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் டீச்சர் என் மேசையில் சாய்ந்து நின்று அதை முழுக்கக் கேட்டாள். சிரித்தாளா என்றால், உதட்டின் ஒரு ஓரம் அசைந்தது. அதை நான் சிரிப்புக் கணக்கில் எழுத மாட்டேன்.

என் வேலையை அந்த வருடம் நீட்டிக்க நாலு மாதம் ஆனது. டீச்சரும் ஹெட் கிளார்க்கும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. ஒரு சாக்பீஸ் பெட்டி வேண்டுமென்றாலும் அவள் எழுத்தில் கேட்கிறாள், அவர் எழுத்தில் மறுக்கிறார். கடிதம் மட்டும் அலுவலக அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அடியில் அவளுடைய பெயரும் கையெழுத்தும் இருந்த பகுதியை யாரோ கத்தரியால் நேராக வெட்டி எடுத்திருக்கிறார்கள். மாத முடிவில் டைப்பிஸ்ட் பெண் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எனக்குக் கேட்கும். நாற்பதில் நிறுத்துவதில்லை இப்போது, கடைசிவரை வாசிக்கிறாள்.